கோணத்தை அளந்தால் நீளம் பொருட்டில்லை என்கிறார்களே, அப்புறம் ஏன் துண்டுக் குறிப்பு முதலில் வந்து நிற்கிறது?

நெடுங்கணக்கு — 2024 பிப்ரவரி 5, இரவு 9.12

ஒரு மென்பொருளுக்கான உதவிக் கட்டுரைகள் ஏறக்குறைய ஆயிரம் இருக்கின்றன. அதற்குத் தேடல் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஒரு சொல் கட்டுரையில் எத்தனை முறை வருகிறது என்ற டிஎஃப், மொத்தத் தொகுப்பில் அது எவ்வளவு அரிது என்ற ஐடிஎஃப் இரண்டையும் பெருக்கி எடை போட்டு, ஒவ்வொரு கட்டுரையையும் வெக்டராக்கினேன். தேடுபவர் தட்டும் சொற்களையும் அப்படியே வெக்டராக்கினேன். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணத்தின் கோசைனை எடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன். புதிதாக எதுவும் செய்யவில்லை.

"கடவுச்சொல் மாற்றம்" என்று தேடினால் முதலில் வருவது "கடவுச்சொல் மாற்றம்: அடுத்த பகுதியைப் பார்க்கவும்" என்ற ஒற்றை வரி. முழு விளக்கமும் உள்ள நீளமான கட்டுரை எங்கோ கீழே கிடக்கிறது. இந்தச் சொல் மட்டுமல்ல, எதைத் தேடினாலும் துண்டுதுணுக்குகள்தான் மேலே மிதக்கின்றன.

கோசைன் நீளத்தைச் சமன் செய்துவிடும் என்று எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. என் கண் எதிரே அது நடக்கவில்லை. அந்தக் கூற்று பாதிப் பொய் என்று சொல்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

மூன்றாம் பரிமாணம் — பிப்ரவரி 5, இரவு 10.40

மறுக்கிறேன். ஒரு கட்டுரையை அப்படியே இரண்டு முறை ஒட்டி நீளமாக்குங்கள். எல்லா எண்ணும் இரட்டிப்பாகும், அம்பு நீளும், திசை மாறாது, கோசைன் அதேதான். கணிதத்தில் பிழை கிடையாது.

நீங்கள் சொல் எண்ணிக்கையை அப்படியே எடையாகப் போட்டிருப்பீர்கள். லாக் எடுங்கள், நீளக் கட்டுரை மேலே வந்துவிடும். பலமுறை பார்த்தது.

நெடுங்கணக்கு — பிப்ரவரி 6, காலை 7.05

சரி, கையாலேயே போட்டுப் பார்ப்போம். எல்லோரும் சரிபார்க்க வசதியாக எளிய முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன்.

மொத்தம் 1000 ஆவணங்கள். "கடவுச்சொல்" அதில் 10 ஆவணங்களில் வருகிறது என்றால் ஐடிஎஃப் log10(1000/10) = 2. "மாற்றம்" 100 ஆவணங்களில் வருகிறது, ஆகவே 1. தேடல் வெக்டர் (2, 1). அதன் நீளம் √5, அதாவது 2.236.

துண்டுக் குறிப்பில் இந்த இரண்டு சொல்லும் ஒவ்வொரு முறை. கூடவே "பகுதி", அதற்கும் ஐடிஎஃப் 1. "பார்க்கவும்" போன்றவற்றை நீக்கிவிட்டேன். வெக்டர் (2, 1, 1), நீளம் 2.449.

நீளக் கட்டுரையில் "கடவுச்சொல்" 6 முறை, "மாற்றம்" 4 முறை, "மின்னஞ்சல்" 5 முறை (ஐடிஎஃப் 1). இவை போக, ஒரே ஒரு முறை மட்டும் வந்துபோகும் அரிய சொற்கள் 40, ஒவ்வொன்றுக்கும் ஐடிஎஃப் 2 என்று வையுங்கள்.

```
துண்டு:  (2·2 + 1·1) / (2.236 × 2.449) = 0.913
நீளம்:   (2·12 + 1·4) / (2.236 × 18.57) = 0.674
```

18.57 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. அதன் வர்க்கம் 345. கடவுச்சொல் 144, மாற்றம் 16, மின்னஞ்சல் 25. மீதி 160 அந்த நாற்பது உதிரிச் சொற்களுடையது. தேடலோடு துளியும் சம்பந்தமில்லாத சொற்கள் கிட்டத்தட்ட பாதியைத் தின்றுவிட்டன.

லாக் கணக்கை மாலையில் போடுகிறேன்.

சும்மா வந்தவன் — பிப்ரவரி 6, காலை 11.30

அப்போ 0.913 என்றால் 91 சதவீதம் பொருத்தம், 0.674 என்றால் 67 சதவீதம். இரண்டுமே பாஸ்தானே? எனக்கும் இதே மாதிரி ஒன்று ஓடுகிறது. 0.5-க்குக் கீழே வருவதை எல்லாம் மறைத்துவிடலாம் என்று இருக்கிறேன். அந்த எல்லை சரியா என்று யாராவது சொல்லுங்கள்.

கோசைன் பாட்டி — பிப்ரவரி 6, பிற்பகல் 2.15

முதலில் தம்பி நெடுங்கணக்குக்கு. நீங்கள் சொன்னதும் சரி, மூன்றாம் பரிமாணம் சொன்னதும் சரி. இரண்டு பேரும் இரண்டு வேறு நீளங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் வரும் நீளத்தைக் கோசைன் முழுசாக நீக்கிவிடும். ஆனால் எந்த மனிதரும் கட்டுரையை இரண்டு முறை ஒட்டி நீட்டுவதில்லை. உதாரணம் தருவார், விதிவிலக்கு சொல்வார், பக்கத்து விஷயத்தைத் தொட்டுவிட்டு வருவார். ஒவ்வொரு புதுச் சொல்லும் ஒரு புது அச்சு. அம்பு நீள்வதோடு நில்லாமல் அந்தப் பக்கமாகத் திரும்பவும் செய்கிறது. தேடல் வெக்டரோ இரண்டே அச்சில் கிடக்கிறது. ஆகவே விரிவாக எழுதப்பட்ட எதுவும் தேடலிலிருந்து விலகித்தான் போகும். யோசித்துப் பாருங்கள், கோசைன் 1 யாருக்குக் கிடைக்கும்? தேடிய சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு வேறு எதுவுமே சொல்லாத ஆவணத்துக்கு. தலைப்பு மட்டும் இருக்கிற வெற்றுப் பக்கம்தான் இந்தக் கணக்குக்கு லட்சிய ஆவணம்.

இது ஏன் ரொம்ப நாள் யாருக்கும் உறைக்கவில்லை என்று கேட்டால், சோதித்துப் பார்த்த தொகுப்புகள் அப்படி. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் சால்டன் குழு ஸ்மார்ட் என்ற தேடல் அமைப்பைக் கட்டியது. 1975-ல் சால்டன், வோங், யாங் இருவரோடு சேர்ந்து வெக்டர் வெளி பற்றிய அந்தப் பெயர்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அந்தக் காலத்துச் சோதனைத் தொகுப்புகளில் பெரும்பாலும் ஆய்வுச் சுருக்கங்கள்தான். கிரான்ஃபீல்டு தொகுப்பு என்றால் 1400 சுருக்கங்கள், எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. நீளத்தில் ஏற்றத்தாழ்வே இல்லாத இடத்தில் நீளச் சமன்பாடு சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? 1992-ல் ட்ரெக் என்ற பொதுத் தேடல் சோதனை தொடங்கி, செய்தித் துணுக்கும் நூறு பக்க அரசு அறிக்கையும் ஒரே குவியலில் வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

சும்மா வந்தவனுக்கு: அது சதவீதம் இல்லை. மேலே உள்ள தேடலோடு, ஐடிஎஃப் 2 உள்ள, இரண்டு ஆவணத்திலும் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள். தேடல் வெக்டரின் நீளம் 3 ஆகிவிடும். 0.674 உடனே 0.502 ஆகும், 0.913 இறங்கி 0.680 ஆகும். வரிசை மாறவில்லை, கட்டுரைகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் உங்கள் 0.5 எல்லைக்கு வந்து உரசி நிற்கிறது. ஒரு தேடலுக்குள் யார் முன்னே யார் பின்னே என்று சொல்லத்தான் இந்த எண். வேறு வேறு தேடல்களுக்குப் பொதுவான எல்லைக்கோடு இதில் கிடையாது.

நெடுங்கணக்கு — பிப்ரவரி 6, இரவு 8.50

லாக் கணக்கு. எண்ணிக்கைக்குப் பதிலாக 1 + log10(எண்ணிக்கை). ஆறு 1.78 ஆகிறது, நான்கு 1.60, ஐந்து 1.70. ஒன்று ஒன்றாகவே இருக்கிறது.

நீளக் கட்டுரையின் மதிப்பு: 0.292.

0.674-லிருந்து 0.292. மூன்றாம் பரிமாணம் அவர்களே, மருந்து நோயாளியைப் படுக்கவே வைத்துவிட்டது. காரணம் பார்த்தால் தெரிகிறது. லாக் அமுக்குவது அடிக்கடி வரும் சொல்லைத்தான். நம் கட்டுரையில் அடிக்கடி வருவது எது? தேடப்பட்ட "கடவுச்சொல்"லே. நாற்பது உதிரிகளும் ஒருமுறைதான் வருவதால் லாக் அவற்றைத் தொடவில்லை. 160 அப்படியே இருக்க, 144 சுருங்கி 12.6 ஆகிவிட்டது.

மூன்றாம் பரிமாணம் — பிப்ரவரி 6, இரவு 9.33

அது நீங்கள் ஜோடித்த உதாரணம். சம்பந்தமில்லாத ஒரு சொல் ஐம்பது முறை வரும் கட்டுரையில் லாக் இல்லாமல் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். லாக் இருப்பது அதற்குத்தான்.

இன்னொன்று. கோணமே வேண்டாம், இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள சாதாரண தூரத்தை அளந்தால் இந்த வம்பே இல்லையே.

நெடுங்கணக்கு — பிப்ரவரி 6, இரவு 10.02

ஐம்பது முறை விஷயத்தில் மறுப்பில்லை.

தூரம் போட்டேன். துண்டுக் குறிப்பு தேடலிலிருந்து 1 தொலைவில். நீளக் கட்டுரை 17.1 தொலைவில். எழுத்தே இல்லாத காலி ஆவணம் 2.236 தொலைவில். அதாவது எதுவுமே எழுதாமல் விட்டிருந்தால் எங்கள் கட்டுரை இன்னும் மேலே வந்திருக்கும். இதை எழுத்தாளர்களிடம் சொல்லப்போவதில்லை.

கோசைன் பாட்டி — பிப்ரவரி 6, இரவு 10.20

நீளத்தை 1 ஆக்கிவிட்டுத் தூரம் அளந்தால், தூரத்தின் வர்க்கம் 2 − 2cos. கோசைன் தரும் அதே வரிசைதான் வரும். ஆக்காமல் அளந்தால் காலித்தாள் ஜெயிக்கும். இதில் மூன்றாவது வழி இல்லை.

பழைய தாள் — பிப்ரவரி 8, காலை 6.45

நான் இந்தத் துறை ஆள் இல்லை, ஆவணக் காப்பகத்தில் வேலை. பழைய இதழ்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மூலம் உரையாக்கித் தேடலில் போட்டிருக்கிறோம். புதிதாகத் தட்டச்சு செய்த பக்கங்கள் தேடலில் நன்றாக வருகின்றன. ஸ்கேன் பக்கங்கள் மட்டும் வருவதே இல்லை. சொல் சரியாகவே படிக்கப்பட்டிருக்கிறது, நான் கண்ணால் பார்த்தேன், ஆனாலும் வராது. எழுத்துணரி பிழையால் சொல் தவறிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல் தவறவில்லையே! இந்த உதிரிச் சொல் கதைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கோசைன் பாட்டி — பிப்ரவரி 8, காலை 10.10

உண்டு, இன்னும் மோசமான வடிவத்தில்.

எழுத்துணரி ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தால் உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு புதுச் சொல் பிறக்கிறது. அது அந்த ஒரே ஆவணத்தில்தான் இருக்கும். 1000 ஆவணங்களில் 1 என்றால் ஐடிஎஃப் 3, இருப்பதிலேயே உச்ச எடை. அரிய சொல் என்றால் முக்கியமான சொல் என்பதுதானே 1972-ல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் சொன்ன யோசனை. குப்பைக்கும் ரத்தினத்துக்கும் அரிதாக இருப்பது பொது என்பதை ஐடிஎஃப் அறியாது.

தம்பியின் நீளக் கட்டுரையில் இப்படி நாற்பது பிழைச் சொற்கள் விழுந்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் 9, மொத்தம் 360. நீளத்தின் வர்க்கம் 345-லிருந்து 705 ஆகிவிடும். தேடிய சொற்கள் ஆறு, நான்கு என்று பத்திரமாக அப்படியே இருக்கின்றன. மதிப்பு மட்டும் 0.674-லிருந்து 0.472-க்கு இறங்கிவிடுகிறது. உங்கள் பக்கத்தில் நடப்பது இதுதான். மேலே உள்ள பெருக்கல் கெடவில்லை, கீழே உள்ள வகுக்கும் எண் ஊதிப்போயிருக்கிறது.

ஐடிஎஃப்-ஐ ஆவணத்தின் பக்கம் போடாமல் தேடலின் பக்கம் மட்டும் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் போட்டால் அது பெருக்கலில் இரண்டு முறை வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஸ்மார்ட் காரர்கள் அடிக்கடி பயன்படுத்திய lnc.ltc என்ற சேர்க்கையில் ஆவணத்துக்கு ஐடிஎஃப் கிடையாது. முதல் மூன்றெழுத்து ஆவணத்துக்கு, அதில் நடுவில் இருக்கும் n அதைத்தான் சொல்கிறது. இங்கே லாக்கை விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டால் துண்டு 0.775, நீளக் கட்டுரை 0.662. பிழைகள் விழுந்த நீளக் கட்டுரை 0.571. துண்டு இன்னும் முன்னால்தான் இருக்கிறது, ஆனால் இடைவெளி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பிழைகளும் முன்பு போல் ஆளைச் சாய்ப்பதில்லை.

பழைய தாள் — பிப்ரவரி 8, இரவு 7.30

எங்கள் மென்பொருளில் அந்தத் தேர்வு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. செய்து கொடுத்தவரிடம் கேட்டால் "ஸ்கேன் தரம் போதாது" என்கிறார். ஒரே ஒரு ஆவணத்தில் மட்டும் வரும் சொற்களையெல்லாம் அகராதியிலிருந்து எடுத்துவிட்டால் போதாதா?

கோசைன் பாட்டி — பிப்ரவரி 8, இரவு 9.00

பெரும்பாலும் போதும். ஆனால் காப்பகத்தில் தேடுபவர் பெரும்பாலும் தேடுவது ஒரே இடத்தில் வரும் ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும்தான். அவையும் சேர்ந்து போய்விடும். எடுக்காமல், நீளம் கணக்கிடும்போது மட்டும் அவற்றைச் சேர்க்காமல் விடச் சொல்லுங்கள்.

நெடுங்கணக்கு — பிப்ரவரி 9, இரவு 11.48

வழி தவறி வேறு எங்கோ போய்விட்டேன், ஆனால் தமிழில் இதைச் செய்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது.

உதிரிச் சொற்கள் எவை என்று பார்க்கலாமே என்று அகராதியைத் திறந்தேன். "கடவ" என்று ஒரு சொல் இருந்தது. "றம" என்று ஒன்று. "டம" என்று ஒன்று. பைத்தானில் scikit-learn-இன் TfidfVectorizer பயன்படுத்துகிறேன். அது சொல்லைப் பிரிக்கும் இயல்பான வடிவம் `(?u)\b\w\w+\b`. பைத்தானின் `\w` தமிழ் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. காலும் கொம்பும் புள்ளியும் வரும் இடமெல்லாம் வெட்டுகிறது. இரண்டு எழுத்துக்குக் குறைவாக மிஞ்சும் துண்டை வீசிவிடுகிறது. "கடவுச்சொல்" வெட்டுப்பட்டு "கடவ" மட்டும் மிஞ்சுகிறது. "கடவுள்" வெட்டுப்பட்டாலும் "கடவ"தான். மாற்றம், தோற்றம் இரண்டுக்கும் "றம".

அதாவது என் தேடலில் கடவுளும் கடவுச்சொல்லும் ஒரே அச்சு.

```python
TfidfVectorizer(token_pattern=r"[\w\u0B80-\u0BFF]+")
```

இப்படி மாற்றியதும் அகராதி மனிதர் படிக்கிற மாதிரி ஆகிவிட்டது. துண்டுக் குறிப்புப் பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கிறது, கொஞ்சம் கூடியும் விட்டது. முன்பு வெவ்வேறு சொற்கள் ஒரே துண்டாகக் கலந்திருந்தன. இப்போது ஒவ்வொன்றும் தனித்தனி அச்சு, நீளக் கட்டுரைக்கு உதிரிகள் இன்னும் அதிகம்.

சும்மா வந்தவன் — பிப்ரவரி 10, காலை 8.20

இரண்டையும் மறந்தால் உள்ளே நுழைய முடியாது. ஒரே அச்சு சரிதானே.

நானும் அதே TfidfVectorizer-தான். போய்ப் பார்க்கிறேன்.

சும்மா வந்தவன் — பிப்ரவரி 10, காலை 8.55

"டம" இருக்கிறது. பாடம், மாடம், கூடம், வேடம் எல்லாம் அதற்குள்ளேதான். ஒரு வருடமாக இது ஓடிக்கொண்டிருக்கிறது.

கோசைன் பாட்டி — பிப்ரவரி 10, பிற்பகல் 3.40

சரி, மூலக் கேள்விக்கு வருவோம். இதற்கு 1996-ல் சால்டனின் பள்ளியிலிருந்தே ஒரு பதில் வந்தது. அவர் காலமாகி அடுத்த ஆண்டு. அமித் சிங்கல், கிறிஸ் பக்லி, மந்தர் மித்ரா மூவரும் எழுதினார்கள். அவர்கள் முதலில் சூத்திரம் தேடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஆவணங்களை நீளவாரியாக வரிசைப்படுத்தி, மூட்டை மூட்டையாகக் கட்டினார்கள். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் உண்மையிலேயே பொருத்தமான ஆவணம் வரும் வாய்ப்பு எவ்வளவு, கோசைன் அந்த மூட்டையிலிருந்து எடுத்துத் தரும் வாய்ப்பு எவ்வளவு என்று இரண்டு கோடு வரைந்தார்கள். குட்டையான மூட்டைகளில் கோசைன் தேவைக்கு மேல் எடுக்கிறது, நீளமானவற்றில் குறைவாக எடுக்கிறது. இரண்டு கோடும் ஒரு நீளத்தில் வெட்டிக்கொள்கின்றன. அந்த இடத்தை ஆணியாக அடித்துவிட்டு, வகுக்கும் எண்ணின் கோட்டை அதைச் சுற்றிக் கொஞ்சம் சாய்த்துவிட்டார்கள்.

```
புதிய வகுப்பான் = (1 − s) × சராசரி நீளம் + s × இந்த ஆவணத்தின் நீளம்
```

s = 1 என்றால் பழைய கோசைன். குறைக்கக் குறைக்கக் குட்டை ஆவணத்தின் வகுப்பான் கூடும், நீள ஆவணத்தினுடையது குறையும்.

தம்பி, சூத்திரத்தைப் போடும் முன் அந்தக் கோட்டை நீங்களும் வரைந்து பாருங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஐம்பது தேடல்களை எடுத்து, சரியான கட்டுரை எது என்று கையால் குறித்து, அவற்றின் இடைநிலை நீளத்தையும், உங்கள் தேடல் தரும் முதல் பத்தின் இடைநிலை நீளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒட்டியே இருந்தால் உங்கள் நோய் வேறு.

நெடுங்கணக்கு — பிப்ரவரி 12, இரவு 9.15

வைத்தேன். ஒட்டவில்லை, பக்கத்தில்கூட இல்லை. முதல் பத்தில் வருபவை ஒரு பத்தி அளவு. சரியானவை இரண்டு மூன்று பக்கம்.

கைக்கணக்கு உதாரணத்திலும் போட்டேன், முதலில் வைத்த எடைகளோடு. சராசரி நீளம் 10 என்று வைத்து, s = 0.7. துண்டின் வகுப்பான் 2.449-லிருந்து 4.71 ஆகிறது, நீளக் கட்டுரையினுடையது 18.57-லிருந்து 16. மதிப்புகள் 0.474, 0.783. வரிசை திரும்பிவிட்டது. s = 0.9 வைத்தால்கூட 0.698-க்கு 0.707 என்று மயிரிழையில் நீளக் கட்டுரை முந்துகிறது. இவ்வளவு சின்னத் தள்ளலே போதும் என்று நினைக்கவில்லை.

மூன்றாம் பரிமாணம் — பிப்ரவரி 12, இரவு 10.30

இதைக் கோணம் என்று இனிமேல் சொல்லாதீர்கள். தேடிய இரண்டு சொல்லை மட்டும் இருபது இருபது முறை எழுதிய ஆவணத்துக்கு உங்கள் s = 0.7-இல் போட்டேன். 1.304 வருகிறது. கோசைன் 1-ஐத் தாண்டும் கோணத்தை யாராவது வரைந்து காட்டுங்கள்.

அதைவிட முக்கியம், முதல் நாள் நான் சொன்ன ஒட்டு வேலை. கட்டுரையை இரண்டு முறை ஒட்டினால் இப்போது மதிப்பு ஏறுகிறது. கோசைன் தந்த ஒரே பாதுகாப்பு அதுதான். அதையும் கழற்றிவிட்டீர்கள்.

கோசைன் பாட்டி — பிப்ரவரி 13, காலை 9.50

முழுக்க நியாயம். கோணம் போய்விட்டது. மிஞ்சுவது ஒரு பெருக்கலும், அனுபவத்தில் கண்டுபிடித்த ஒரு வகுப்பானும். இதற்கு வடிவியலில் விளக்கம் தேடாதீர்கள், அந்த இரண்டு கோடுதான் விளக்கம்.

ஒட்டு வேலைக்கு உங்கள் லாக்கைத்தான் இங்கே கொண்டுவர வேண்டும். வகுப்பான் சாய்ந்துவிட்ட பிறகு லாக் செய்யும் வேலை வேறு. இரண்டையும் சேர்த்தால் s-ஐ மறுபடி தேட வேண்டிவரும், ஏனென்றால் சராசரி நீளமே மாறிவிடுகிறது. BM25 என்ற இன்னொரு தேடல் சூத்திரத்தில் இருக்கும் b-யைப் பாருங்கள். 1 − b கூட்டல் b பெருக்கல் நீளம் வகுத்தல் சராசரி நீளம். சாய்வு அதேதான், ஆனால் அங்கே நீளம் என்பது வெறும் சொல் எண்ணிக்கை. ஒரு பிழைச் சொல்லும் ஒரு சாதாரணச் சொல்லும் அங்கே ஒரே எடை. பழைய தாளின் சிக்கல் பாதி அங்கேயே கரைந்துவிடும். லூசீன் தேடல் நூலகம் 2016-ல் 6-ஆம் பதிப்பில் டிஎஃப்-ஐடிஎஃப்-ஐ விட்டு BM25-ஐ இயல்பாக்கியது, b 0.75 என்று வைத்து.

மூன்றாம் பரிமாணம் — பிப்ரவரி 13, பிற்பகல் 1.05

0.75 யாருடைய தொகுப்புக்கு? அவர்களுடைய துண்டுக் குறிப்பு எங்களுடைய துண்டுக் குறிப்பா? சில இடங்களில் குட்டையாக இருப்பதுதான் சரியான பதில். கேள்வி-பதில் தொகுப்பில் ஒரு வரிப் பதில்தான் வேண்டும். அங்கே பழைய கோசைனே போதும் என்றுதான் இன்னும் சொல்வேன்.

பழைய தாள் — பிப்ரவரி 14, காலை 7.00

செய்து கொடுத்தவர் BM25-க்கு மாற்றித் தந்தார். ஸ்கேன் பக்கங்கள் வர ஆரம்பித்துவிட்டன, முதல் பக்கத்திலேயே. ஸ்கேன் தரம் அதேதான். ஆனால் இரண்டு பத்தியாக அச்சான பக்கங்களில் எழுத்துணரி வரிகளைக் கலந்து படித்திருக்கிறது. அதனால் பக்கத்துச் செய்தியின் சொற்களும் சேர்ந்து வருகின்றன. அதற்கும் கோணத்துக்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

நெடுங்கணக்கு — பிப்ரவரி 16, இரவு 10.37

நிஜத் தொகுப்பில் s = 0.75 வைத்து ஓட்டினேன். "கடவுச்சொல் மாற்றம்" இப்போது சரியான கட்டுரையைத் தருகிறது. துண்டுக் குறிப்பு நாலாவது.

புது வில்லன் ஒருவர் வந்திருக்கிறார். எல்லா வசதிகளையும் ஒரே கோப்பில் விவரிக்கும் முழுக் கையேடு. முன்பு எந்தத் தேடலிலும் தலைகாட்டாது. இப்போது எதைத் தேடினாலும் முதல் ஐந்தில் உட்கார்ந்திருக்கிறது. எல்லாச் சொல்லும் அதில் உண்டு, வகுப்பானும் முன்பு போல் அதைத் தண்டிப்பதில்லை. s-ஐ 0.85 ஆக்கினால் அது இறங்குகிறது, கூடவே நல்ல கட்டுரைகள் சிலவும் இறங்குகின்றன.

கோசைன் பாட்டி — பிப்ரவரி 17, காலை 9.20

அதை s-ஆல் சரிசெய்ய முயலாதீர்கள். ஒரு கோப்பு ஐம்பது விஷயம் பேசினால் அதற்கு ஒரு திசை என்பதே கிடையாது. தலைப்புவாரியாக வெட்டி, ஒவ்வொரு பகுதியையும் தனி ஆவணமாகப் போடுங்கள். வெட்டும்போது கையேட்டின் பெயரையும் மேல்தலைப்பையும் ஒவ்வொரு பகுதியிலும் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் "இதை மாற்ற அமைப்புகளுக்குச் செல்லவும்" என்று தொடங்கும் பகுதியில் எதை மாற்ற என்ற சொல்லே இருக்காது.

நெடுங்கணக்கு — பிப்ரவரி 17, இரவு 11.10

வெட்டிவிட்டேன். மேல்தலைப்பை ஒட்டியதால் "கடவுச்சொல்" இப்போது நிறையப் பகுதிகளில் வருகிறது, அதன் ஐடிஎஃப் இறங்கிவிட்டது. ஆவண எண்ணிக்கையை வெட்டுவதற்கு முன்பு எடுப்பதா, பின்பு எடுப்பதா?

மூன்றாம் பரிமாணம் — பிப்ரவரி 17, இரவு 11.31

முன்பு. முழுக் கோப்புகளில் எண்ணிய ஐடிஎஃப்-ஐ வைத்துக்கொண்டு, பகுதிகளில் டிஎஃப் மட்டும் எடுங்கள்.

கோசைன் பாட்டி — பிப்ரவரி 18, காலை 8.05

நான் பின்பு என்பேன், ஒட்டிய தலைப்பை எண்ணாமல். முன்பு எடுத்தால் கையேட்டுக்குள் மட்டும் ஐம்பது பகுதியில் வரும் சொல்லுக்கும் ஐடிஎஃப் 3 கிடைக்கும். இரண்டையும் அந்த ஐம்பது தேடல்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு எண்களை இங்கே போடுங்கள்.

நெடுங்கணக்கு — பிப்ரவரி 18, இரவு 9.40

கையேட்டுக் கேள்விகளில் பாட்டி சொன்னது முந்துகிறது, மற்றவற்றில் மூன்றாம் பரிமாணம் சொன்னது. நான் குறித்து வைத்த ஐம்பதில் கையேட்டுக் கேள்விகள் ஆறுதான். இன்னும் சில குறித்துவிட்டு வருகிறேன்.